ஓரம் எங்கே இருக்கிறது? புகைப்படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டி எடுத்தல்

என் மேசைமேல் அத்தையின் படம் ஒன்று இருக்கிறது. கிராமத்து வீட்டுத் திண்ணையில் நிற்கிறார். ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருக்கிறார், தொங்கும் மறு கையில் பித்தளைச் செம்பு. கொண்டையில் மல்லிகைச் சரம். நாம் பார்க்கும் பக்கத்திலிருந்து சொன்னால், இடது புறம் வெள்ளையடித்த சுவர், வலது புறம் கரும்பழுப்பு மரத்தூண். ஸ்கிராப்புக்கின் ஒரு பக்கத்தில் சுவரும் தூணும் இல்லாமல் அத்தை மட்டும் நிற்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரே படத்தை வைத்துத்தான் பேசப் போகிறேன். இடுப்பில் ஊன்றிய கை, பூ, வெள்ளைச் சுவர், கறுத்த தூண் என்று கையால் வெட்டுபவருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலேயே இருக்கின்றன.

கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியை எடுங்கள். கன்னம் முடிந்து தூண் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். எட்ட இருந்து பார்க்கும்போது அங்கே ஒரு கோடு இருப்பதாகத் தோன்றியது. கிட்டத்தில் பார்த்தால் கோடு எதுவும் இல்லை. கன்னத்தின் நிறம் சிறிது சிறிதாகத் தூணின் நிறமாக மாறும் ஒரு மெல்லிய பட்டைதான் இருக்கிறது. கேமரா குவிந்த இடத்தில் அந்தப் பட்டை தலைமுடி அகலம் இருக்கும். குவியாத தோளிலோ அசைந்த முந்தானையிலோ ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் போகும். அந்தப் பட்டைக்குள் எந்த இடத்தில் வெட்டுவது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். கைத்திறனைவிட இந்த முடிவுதான் வேலையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

படியை வெட்டுங்கள், மூலத்தை அல்ல

எங்கள் வீட்டில் பாட்டியின் பழைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இருபது வயதில் நான் அதைத்தான் வெட்டினேன். காதருகே கத்தரி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. அந்தக் காது இனி எங்கேயும் கிடைக்காது. அதன்பின் மூலப் படத்தை நான் வெட்டுவதில்லை. ஸ்கேன் செய்து, படி எடுத்து, படியைத்தான் வெட்டுகிறேன். மூலத்தையே வெட்டினால் சுவர், தூண், திண்ணை எல்லாம் குப்பைக்குப் போய்விடுகின்றன. முப்பது ஆண்டு கழித்து யாராவது அந்தத் தூணைத் தேடலாம்.

படி எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அத்தையின் மூலப்படம் 4x6 அங்குலம், அதில் அத்தையின் உயரம் 7.5 செ.மீ. தலை 1 செ.மீ.தான். அந்த அளவில் காதையும் ஜிமிக்கியையும் பிரித்து வெட்ட எந்தக் கையாலும் முடியாது. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து 8x12 அங்குலமாக அச்சிட்டேன். அத்தை 15 செ.மீ. ஆனார், தலை 2 செ.மீ. ஆனது. இரண்டு மடங்கு பெரிதாக்கிய பிறகும் அச்சில் 300 டிபிஐ நிற்பதால் தெளிவு குறையவில்லை. வெட்டப்போகும் உருவத்தின் தலை 2 செ.மீ. இருப்பது எனக்குக் குறைந்தபட்ச அளவு. அதைவிடச் சிறியதென்றால், ஆளை மட்டும் வெட்டாமல் சுற்றிலும் சிறிது பின்னணியோடு சதுரமாகவோ வட்டமாகவோ வெட்டுவதே அழகு.

இரண்டு பிரதிகள் போடச் சொல்லுங்கள். முதல் பிரதி பழகுவதற்கு. அது வீணானால் ஒட்டுப்போடத் துண்டுகள் அதிலிருந்தே கிடைக்கும். காகிதம் மேட் ஆக இருக்கட்டும். கிளாஸியில் விரல் ரேகை பதியும், விளக்கு வெளிச்சம் பட்டு ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்ததென்றால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் தொட வேண்டும்.

போட்டோ காகிதத்தின் உள்ளமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று லேப்களில் வரும் காகிதத்தின் நடுவே வெள்ளைத் தாளும், அதன் இருபுறமும் மெல்லிய பாலித்தீன் பூச்சும், மேலே படம் இருக்கும் படலமும் இருக்கின்றன. இந்த அமைப்பினால் மூன்று விளைவுகள் வருகின்றன. மழுங்கிய பிளேடு பூச்சை இழுத்து, நடுத்தாளைப் பஞ்சாக்கிவிடும். காகிதத்தை மடக்கினால் மேற்படலம் வெடித்து வெள்ளைக் கோடு விழும். எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் அந்த நடுத்தாள் ஓரத்தில் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். கீழே சொல்லும் முறைகளில் பாதி இந்த மூன்றையும் சமாளிப்பதற்காகத்தான்.

போலராய்டு, இன்ஸ்டாக்ஸ் போன்ற உடனடிப் படங்களை இப்படி வெட்டக் கூடாது. அவை பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. ஓரச் சட்டம் போனால் அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும், உள்ளே இருக்கும் ரசாயனம் வெளியே வரும். அவற்றுக்கும் ஸ்கேன்தான் வழி.

இரண்டு கருவிகள், இரண்டு வேலைகள்

கத்தரியா, கட்டரா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இரண்டும் வேண்டும் என்பதே. வெளிப்புற ஓரத்துக்குக் கத்தரி, உள்ளே அடைபட்ட ஓட்டைகளுக்கும் கூர்மையான மூலைகளுக்கும் கட்டர். கட்டரால் நீண்ட வளைவை இழுத்தால் கை நடுக்கம் அப்படியே பதிந்துவிடும். கத்தரியின் இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று தாங்குவதால் அந்த நடுக்கத்தைப் பெரிதும் விழுங்கிவிடுகின்றன.

கத்தரி நான்கைந்து அங்குல நீளத்தில், அலகு மெலிந்து நுனி கூர்மையாக இருக்க வேண்டும். எம்பிராய்டரிக்கு நூல் வெட்டும் கத்தரி நன்றாகப் பொருந்தும். ஆனால் துணிக்கு வைத்திருப்பதைக் காகிதத்துக்கு எடுக்காதீர்கள், கூர் போய்விடும். கட்டரில், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பேனா மாதிரிப் பிடிக்கும் கட்டரே நல்லது. அகலமான பேப்பர் கட்டர் வளைவில் திரும்பாது. அடியில் ஒரு கட்டிங் மேட் வேண்டும். கண்ணாடி மேல் வைத்து வெட்டினால் கோடு சுத்தமாக வரும், ஆனால் இரண்டு நிமிடத்தில் பிளேடின் நுனி போய்விடும். ஒரு படத்துக்கு ஒரு புது பிளேடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது மெல்லிய கரகரப்புச் சத்தம் கேட்டாலோ, ஓரத்தில் வெள்ளைத் துரும்பு எழும்பினாலோ பிளேடு முடிந்துவிட்டது என்று அர்த்தம். பழைய பிளேடுகளை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு, குப்பையில் நேரடியாகப் போகாமல் பாருங்கள்.

வலக்கைக்காரர்கள் விளக்கை இடது புறம் வையுங்கள். இல்லையென்றால் வெட்டவேண்டிய இடத்தில் உங்கள் கையின் நிழலே விழும். இடக்கைக்காரர்களுக்கு இதுவும், இனி நான் சொல்லும் இடம் வலமும், மாறிவரும்.

முதலில் உள்ளே

முதலில் அத்தையைச் சுற்றி 1 செ.மீ. விட்டுப் பெருவெட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். 8x12 காகிதத்தைக் கையில் வைத்துத் திருப்ப முடியாது, அதற்காகத்தான் இது. அந்த 1 செ.மீ. விளிம்பை இப்போதே நீக்கிவிடாதீர்கள். கட்டரால் உள் ஓட்டைகளை வெட்டும்போது காகிதத்தை அழுத்திப் பிடிக்க அது வேண்டும். பலரும் வெளி ஓரத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு மெலிந்துபோன கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடுகிறார்கள். அப்போதுதான் முழங்கை மடிந்து வெள்ளைக்கோடு விழுகிறது.

அத்தை படத்தில் இரண்டு உள் இடைவெளிகள் இருக்கின்றன. இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முக்கோணம், அதில் வெள்ளைச் சுவர் தெரிகிறது. செம்பு பிடித்த கைக்கும் புடவைக்கும் நடுவே ஒரு நீளக் கீற்று, அதன் அகலம் 1 மி.மீ.தான். முக்கோணத்தை வெட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் பச்சைப் பக்கத்தின் மேல் ஒட்டும்போது அக்குளில் ஒரு வெள்ளைத் துண்டு நிற்கும். கீற்றை விட்டுவிடலாம். 2 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளியை வெட்ட முயன்றால் இருபுறமும் தவறு நேர்கிறது. அதற்குள் தூணின் கரும்பழுப்புதான் தெரிகிறது, பார்ப்பவர் அதைக் கையின் நிழலென்றே எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் சுவரின் வெள்ளை தெரிந்திருந்தால் கறுப்புக் கலர் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து மங்கலாக்கியிருப்பேன்.

முக்கோணத்துக்கு வருவோம். மூலையில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கத்தை வெட்டிக்கொண்டே மூலையை நோக்கிப் போனால், அங்கே நிறுத்தத் தெரியாமல் பிளேடு கைக்குள்ளோ புடவைக்குள்ளோ ஓடிவிடும். ஆகவே மூலையிலிருந்து தொடங்குங்கள். பிளேடின் நுனியை அக்குளின் கூர்முனையில் செங்குத்தாகக் குத்தி, அங்கிருந்து வெளியே இழுங்கள். பக்கத்தின் பாதி வரை போதும். பிறகு படத்தைத் திருப்பி, அடுத்த மூலையில் குத்தி, எதிரிலிருந்து வந்து முதல் வெட்டோடு சேருங்கள். மூன்று மூலைக்கும் இப்படியே. முதல் இழுப்பு மேற்படலத்தை மட்டும் கீறினால் போதும், அழுத்த வேண்டாம். இரண்டாவது இழுப்பு அதே பள்ளத்தில் தானாக ஓடும், மூன்றாவதில் துண்டு கழன்று வரும். வராவிட்டால் பிய்க்காதீர்கள். பிய்த்த மூலையில் வெள்ளை நார் எழும்பும், அதை மறைப்பது கடினம். மூலையில் மீண்டும் ஒருமுறை குத்துங்கள்.

பிறகு வெளியே

இப்போது கத்தரி. காகிதம்தான் திரும்ப வேண்டும், கத்தரி திரும்பக் கூடாது. வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கத்தரி ஒரே இடத்தில் திறந்து மூட, இடது கை படத்தை அதன் வாய்க்குள் ஊட்டிக்கொண்டே திருப்பட்டும். உருவம் எப்போதும் கத்தரிக்கு இடது புறம், கழிவு வலது புறம். அப்படியென்றால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவீர்கள். வலக்கைக் கத்தரியின் மேலலகு வலது புறத்துக் காகிதத்தைக் கீழே தள்ளி வளைக்கும். வளைவது கழிவாக இருக்கட்டும், அத்தையாக வேண்டாம். கட்டரை நம்மை நோக்கி இழுக்கிறோம், கத்தரி நம்மைவிட்டு விலகிப் போகிறது. அதனால் வெளி ஓரத்தில் எங்காவது கட்டரைப் பிடிக்க நேர்ந்தால், உருவத்தை இடதில் வைத்தபடி கடிகாரத் திசையில் போக வேண்டும்.

அலகுகளை நுனிவரை மூடாதீர்கள். ஒவ்வொரு முறை முழுதாக மூடும்போதும் ஓரத்தில் ஒரு சிறு பல் விழும். பத்துப் பற்கள் சேர்ந்தால் தோள் படிக்கட்டாகிவிடும். அலகின் ஆழத்தில் வெட்டி, முக்கால் பங்கு மூடியதும் காகிதத்தை முன்னே தள்ளித் திறக்க வேண்டும். நுனி, விரல்களுக்கு நடுவே போன்ற இடங்களுக்கு மட்டும்.

இன்னொன்று சாய்வு. கத்தரியின் மேற்பக்கம் சற்றே வலப்புறம் சாயும்படி மணிக்கட்டைத் திருப்புங்கள். அப்போது வெட்டு, படத்தின் முகத்தைவிட அடிப்பக்கம் சிறிது உள்ளே தள்ளி விழும், வெள்ளை நடுத்தாள் படத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கட்டரிலும் கைப்பிடி உருவத்தைவிட்டு வெளிப்புறம் சாய்ந்து, நுனி உருவத்தின் அடியை நோக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் உருவத்தைச் சுற்றி வெள்ளை நூல் கட்டியதுபோல் தெரியும். சிறிய சாய்வு போதும். அதிகமாகச் சாய்த்தால் அலகு கடிக்காமல் காகிதம் மடங்கும்.

இனி அந்தப் பட்டைக்கு வருவோம். புடவையும் கையும் வெள்ளைச் சுவரைத் தொடும் இடது புறத்தில் பட்டையின் உள்விளிம்பில், சொல்லப்போனால் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளியே வெட்டினேன். சுவரின் மிச்சம் மயிரிழை அளவு ஒட்டியிருந்தாலும் அடர்நிறப் பக்கத்தில் ஒட்டியதும் அது பளிச்சென்று தெரியும். புடவையில் அரை மில்லிமீட்டர் போனதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முகத்தில் அப்படிச் செய்யக் கூடாது. அத்தையின் முகம் இந்த அச்சில் 15 மி.மீ. அகலம். இரு கன்னத்திலும் அரை மில்லிமீட்டர் உள்ளே போனால் ஒரு மில்லிமீட்டர் குறைகிறது, அதாவது பதினைந்தில் ஒரு பங்கு. வீட்டில் உள்ளவர்கள் பார்த்தவுடன் ‘ஏன் இப்படி இளைத்துப்போனார்?’ என்று கேட்பார்கள். காரணம் அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முகம், கழுத்து, மணிக்கட்டு, விரல்கள் ஆகிய நான்கு இடங்களில் பட்டையின் வெளிவிளிம்பில் வெட்டுங்கள். பின்னணி சிறிது ஒட்டிக்கொண்டு வந்தாலும், ஓரத்தில் நிறம் தடவிச் சரிசெய்துகொள்ளலாம். போன கன்னத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். தாடைக்கும் தோளுக்கும் நடுவே கத்தரி திரும்பும்போது உள்ளே அறுப்பது கைக்கு இயல்பு. அந்த வளைவில் கத்தரியை நிறுத்தி, வெளியே எடுத்து, தோள் பக்கமிருந்து தனியாக வந்து சேர்வது நல்லது.

விரல்கள் செம்பைப் பிடித்திருக்கின்றன. செம்பையும் சேர்த்தே வெட்டினேன். பிடித்த பொருளை நீக்கினால் கை வெறுங்காற்றைப் பிடித்தபடி நிற்கும். விரல்களுக்கு இடையே ஆழமாகப் போக வேண்டாம். வெளிக்கோட்டில் சிறு பள்ளம் காட்டினால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். காலடியில் புடவைக் கொசுவம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு மடிப்பையும் தொடராமல் ஒரே மெல்லிய வளைவாக முடித்தேன். தரையில் விழுந்த நிழலை விட்டுவைக்காதீர்கள், புதிய பக்கத்தில் அது அழுக்குபோல் தெரியும்.

கொண்டையும் பூவும்

முடியை நான் எப்போதும் கடைசியில்தான் வெட்டுவேன். அதற்குள் கை பழகியிருக்கும். காற்றில் பிரிந்த தனி இழைகளைக் காகிதத்தில் வெட்ட முடியாது. முயன்றால் முள்முள்ளாக நிற்கும், ஒட்டும்போது ஒடியும். அடர்த்தியான முடி எங்கே முடிகிறதோ அதுவே ஓரம். அதற்கு வெளியே உள்ள இழைகளை விட்டுவிடுங்கள். ஆனால் வழவழப்பாக வெட்டினால் தலைக்கவசம் போட்டதுபோல் ஆகிவிடும். கத்தரியின் நுனியால் 1, 2 மி.மீ. நீளத்துக்கு, முடி போகும் திசையிலேயே, ஒழுங்கில்லாமல் சிறு சிறு வெட்டுகள் வையுங்கள். நெற்றியோரத்தில் இரண்டு, காதுக்குப் பின்னால் மூன்று, உச்சியில் ஒன்றும் வேண்டாம். சுருட்டை முடிக்கு ஓரம் நேர்கோடாக இருக்கக் கூடாது. படத்தை இடமும் வலமுமாக லேசாக ஆட்டிக்கொண்டே வெட்டினால் ஓரம் அலையலையாக வரும்.

மல்லிகைச் சரத்தில் சிக்கல் வேறு. வெள்ளைப் பூ, வெள்ளைச் சுவர். பூதக்கண்ணாடியிலும் பூ எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வெட்டுவதற்கு முன் கூரிய பென்சிலால் மிக லேசாக ஓரத்தை வரைந்துகொள்கிறேன். ஒவ்வொரு மொட்டையும் வரைவதில்லை. கட்டிய சரம் கைவிரலுக்கு எப்படித் தட்டுப்படுமோ, அப்படிச் சிறு மேடு, சிறு பள்ளம், மறுபடி மேடு. பென்சில் கோட்டுக்கு உள்ளே வெட்டினால் கோடு கழிவோடு போய்விடும்.

வெட்டிய பிறகு

உருவத்தைக் கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், பிறகு வெள்ளைத் தாளின் மேல். கறுப்பில் மிஞ்சிய சுவர் தெரியும், வெள்ளையில் மிஞ்சிய தூண் தெரியும். பல்பல்லாக நிற்கும் இடங்களை 400 எண் உப்புத்தாளின் சிறு துண்டால், முகப்பக்கத்திலிருந்து அடிப்பக்கம் நோக்கி மட்டும், இரண்டு தடவை இழுங்கள். அடியிலிருந்து மேலே இழுத்தால் படலம் உரிந்துவிடும்.

எஞ்சிய வெள்ளை ஓரத்துக்கு நிறம் கொடுக்க வேண்டும். உருவத்தைக் குப்புறப் பிடித்து, கலர் பென்சிலின் பக்கவாட்டால் ஓரத்தை மட்டும் தடவுங்கள். முடிக்குக் கறுப்பு, தோலுக்குப் பழுப்பு, புடவைக்குப் புடவையின் நிறம். நேரமில்லை என்றால் நடுத்தரச் சாம்பல் நிறம் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். பாலித்தீன் பூச்சு இல்லாத ஒரே இடம் இந்த வெட்டு முகம்தான், மை அதன் வழியே நடுத்தாளுக்குள் ஊறிப் படத்துக்கு அடியில் கறையாகப் பரவும். இதே காரணத்தால் நீர்த்த பசையும் கூடாது. ஓரம் ஊறி, காகிதம் சுருளும்.

தவறி உள்ளே வெட்டிவிட்டால் முதல் பிரதி உதவிக்கு வரும். என் படத்தில் செம்பின் வாய் சிறிது போய்விட்டது. பழகிய பிரதியிலிருந்து செம்பின் வாயை 5 மி.மீ. கூடுதலாக வெட்டி, அடியில் வைத்து, நிறம் சேரும்வரை நகர்த்தி, பின்பக்கம் ஒட்டினேன். மேலிருந்து பார்த்தால் ஒரு மயிரிழைக் கோடு தெரிகிறது. அது செம்பின் விளிம்பிலேயே விழுந்திருப்பதால் விளிம்பின் கோடென்றே நினைக்கத் தோன்றும். இந்த உபாயம் முகத்தில் பலிக்காது.

ஒட்டுவதற்கு அமிலமில்லாத டபுள் சைடு டேப் போதும். அதை உடம்பின் நடுவில் ஒட்டுங்கள், கொண்டைக்கும் விரலுக்கும் வேண்டாம். சரத்தின் மேடுகள் பக்கத்திலிருந்து சற்றே எழும்பி நின்று மெல்லிய நிழல் விழட்டும். உருவத்தைப் பக்கத்தில் வைக்கும்போது வெறும் கையால் அழுத்தாமல், மேலே ஒரு டிஷ்யூ தாளை வைத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவுங்கள். டேப் ஒட்டியபின் நகர்த்த முடியாது. அதனால் அத்தையின் கால் எங்கே வர வேண்டும் என்று பக்கத்தில் இரண்டு சிறு பென்சில் புள்ளிகள் வைத்துவிட்டுத்தான் காகித உறையை உரிக்க வேண்டும். கொசுவம் அந்தப் புள்ளிகளை மூடிவிடும்.